தொலைந்த போனும் பூட்டிய குறிப்பும்

எமது வீடுகளில் நோய் பற்றிய கணக்குகள் முன்னர் கொப்பிகளில்தான் இருந்தன. கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, இரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாம் ஒரு பையில் போட்டு அலமாரியில் வைக்கப்பட்டிருக்கும். இன்று அவற்றில் பாதிக்கு மேல் கையடக்கத் தொலைபேசிக்குள் போய்விட்டன. சீனியின் அளவு, பிரஷர் அளவு, மாதவிடாய் நாட்கள், வலிப்புக்கோ மனச்சோர்வுக்கோ எடுக்கும் மாத்திரையின் பெயர் என்று பிறர் பார்க்கக்கூடாத பல விடயங்களை நாம் போனில் எழுதி வைக்கிறோம்.

அந்தப் போன் ஒருநாள் தொலைந்தால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அதை எடுத்தவர் இந்தக் குறிப்புகளை வாசிக்க முடியுமா என்பது முதலாவது. நாம் அவற்றை மீண்டும் வாசிக்க முடியுமா என்பது இரண்டாவது. மறைகுறியாக்கம் என்னும் தொழினுட்பம் முதற்கேள்விக்கு நல்ல விடை தருகிறது. ஆனால் இரண்டாவது கேள்வியை அது இன்னும் கடினமாக்கி விடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உதாரணமாக எங்கள் ராத்தாவின் அனுபவத்தை எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு முதலாம் வகை நீரிழிவு. இன்சுலின் ஊசி இல்லாமல் அவரால் ஒருநாளும் இருக்க முடியாது. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பூட்டு வேறு, மறைகுறியாக்கம் வேறு

போனின் திரையைப் பூட்டினாலே உள்ளே உள்ளவை பாதுகாப்பாகிவிட்டன என்று பலர் நினைக்கிறோம். திரைப் பூட்டு என்பது அறையின் கதவு போன்றது. கதவு பூட்டியிருந்தாலும் உள்ளே மேசைமேல் இருக்கும் கடிதம் சாதாரணத் தமிழில்தான் எழுதப்பட்டிருக்கும். சுவரை உடைத்து உள்ளே வருபவர் அதை வாசித்துவிடலாம். பழைய போன்களில் இப்படித்தான் நடந்தது. திரையைத் தொடாமலேயே நினைவகச் சில்லைக் கழற்றி வேறொரு கருவியில் பொருத்தித் தரவுகளை எடுக்க முடிந்தது.

மறைகுறியாக்கம் கடிதத்தையே மாற்றிவிடுகிறது. எழுதும்போதே ஒவ்வோர் எழுத்தும் ஓர் இரகசிய எண்ணைக் கொண்டு உருமாற்றப்பட்டு, பொருளற்ற குப்பையாகச் சில்லில் பதிகிறது. அந்த இரகசிய எண்ணைத் ‘திறப்பு’ என்று அழைப்போம். திறப்பு இருந்தால் குப்பை மீண்டும் கடிதமாகும். இல்லாவிட்டால் சில்லைக் கழற்றினாலும் குப்பைதான் கிடைக்கும். இன்றைய போன்களில் பெரும்பாலும் ஏஈஎஸ் என்ற முறையில் 256 பிட் நீளமான திறப்பு பயன்படுகிறது. அத்தகைய திறப்புகளின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணாகும். ஒவ்வொன்றாக முயன்று பார்த்து முடிப்பதற்கு உலகில் எந்தக் கணினியாலும் இயலாது.

2019இல் வந்த அன்ட்ரொய்ட் 10 முதல், அந்தப் பதிப்போடு புதிதாகச் சந்தைக்கு வரும் போன்கள் எல்லாவற்றிலும் மறைகுறியாக்கம் கட்டாயமாக்கப்பட்டது. ஐபோன்களில் அது அதற்கு முன்பிருந்தே உண்டு. அன்ட்ரொய்ட் போனில் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் “Encryption & credentials” என்ற இடத்தில் “Encrypted” என்று இருக்கிறதா எனப் பார்க்கலாம். சில போன்களில் இந்தப் பெயர் சற்று வேறுபடும். ஐபோனில் கடவுக்குறி அமைப்புப் பக்கத்தின் அடியில் “Data protection is enabled” என்று இருக்கும்.

ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. அன்ட்ரொய்ட் போனில் திரைப் பூட்டே வைக்காதிருந்தாலும் “Encrypted” என்றுதான் காட்டும். அது பொய்யல்ல. உள்ளே உள்ளவை மறைகுறியாக்கப்பட்டுத்தான் இருக்கின்றன. ஆயினும் கேட்பவர் எவருக்கும் போன் தானாகவே திறப்பை எடுத்துக் கொடுத்துவிடும். பூட்டிய வீட்டின் கதவிலேயே திறப்பைத் தொங்கவிட்டது போன்ற நிலை இது. எனவே அந்தச் சொல்லை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக்கூடாது. பின் இலக்கமோ கடவுச்சொல்லோ வைத்திருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.

ஆறு இலக்கம் எப்படிப் போதுமானதாகிறது?

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். திறப்பு 78 இலக்க எண்களில் ஒன்று என்கிறோம். ஆனால் நாம் போனில் அழுத்துவது வெறும் நான்கு அல்லது ஆறு இலக்கங்கள்தானே? நான்கு இலக்கத்தில் 10,000 சேர்க்கைகளும், ஆறு இலக்கத்தில் 1,000,000 சேர்க்கைகளும் மட்டுமே உள்ளன. இவற்றை முயன்று பார்ப்பது கணினிக்கு ஒரு வேலையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐபோனில் ஒரு முறை கடவுக்குறியைச் சரிபார்க்க ஏறக்குறைய 80 மில்லிசெக்கன் எடுக்கும்படி வேண்டுமென்றே மெதுவாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் தடையின்றி முயன்றால் நான்கு இலக்கங்களுக்கு 800 செக்கன், அதாவது 13 நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஆறு இலக்கங்களுக்கு 80,000 செக்கன், அதாவது சுமார் 22 மணித்தியாலம். சிற்றெழுத்துகளும் இலக்கங்களும் கலந்த ஆறு குறிகள் என்றால் ஐந்தரை வருடங்களுக்கு மேல் செல்லும். ஆறு இலக்கங்கள் தனியே நின்றால் ஒரு நாள்கூடத் தாங்காது என்பது இதிலிருந்து தெரிகிறது.

அதைத் தாங்க வைப்பவை வேறு இரண்டு. முதலாவது, பின் இலக்கம் தனியாகத் திறப்பாவதில்லை. போனுக்குள் இருக்கும் ஒரு பாதுகாப்புப் பகுதியில், அந்தப் போனுக்கு மட்டுமே உரிய ஓர் இரகசிய எண் இருக்கிறது. அதை வெளியே வாசித்து எடுக்க முடியாது. நாம் அழுத்தும் இலக்கமும் அந்த எண்ணும் கலந்தால்தான் திறப்பு உருவாகும். ஆகவே சில்லைக் கழற்றி வேறு பத்துக் கணினிகளில் வைத்து முயல்வதில் பயனில்லை. எந்த முயற்சியும் அந்தப் போனிலேயே, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும்.

இரண்டாவது, அந்தப் பாதுகாப்புப் பகுதி பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. பல அன்ட்ரொய்ட் போன்களில் ஐந்து முறை பிழைத்தால் 30 செக்கன் காத்திருக்க வேண்டும். பிழைகள் கூடக்கூடக் காத்திருக்கும் நேரமும் கூடிக்கொண்டே போகும். ஐபோனில் பத்து முறை பிழைத்தால் உள்ளே உள்ளவற்றை அழித்துவிடும்படியும் அமைக்கலாம். இவ்விரண்டு காவல்களும் இருப்பதால்தான் ஆறு இலக்கம் போதுமானதாகிறது. ஆனால் 123456 என்றோ பிறந்த திகதி என்றோ வைத்தால் காவலாளிக்கு வேலையே இருக்காது. முதல் ஐந்து முயற்சிகளிலேயே அது விழுந்துவிடும்.

தொலையும்போது போன் எந்த நிலையில் இருந்தது?

ஒரே போன், ஒரே பின் இலக்கம். ஆனாலும் தொலையும் நேரத்தில் அது இருந்த நிலையைப் பொறுத்துப் பாதுகாப்பு மாறுபடும்.

அணைந்திருந்த போனை ஒருவர் மீண்டும் இயக்கினால், பின் இலக்கம் அழுத்தப்படும் வரை திறப்பு எங்குமே இல்லை. இதுவே மிக உறுதியான நிலை. இதை நாமே வீட்டில் பரிசோதித்துப் பார்க்கலாம். போனை அணைத்து மீண்டும் இயக்கி, பின் இலக்கத்தை அழுத்தாமல் வேறொரு போனிலிருந்து அழைப்பு எடுங்கள். தொடர்புப் பட்டியலில் உம்மா என்று பதிந்திருந்தாலும் திரையில் இலக்கம் மட்டுமே தெரியும். ஏனெனில் பெயர்ப் பட்டியலும் மறைகுறியாக்கப்பட்டே இருக்கிறது. காலையில் எழுப்பும் மணி மட்டும் வழமைபோல் அடிக்கும். அதற்குத் தேவையான சிறிய பகுதியைப் போன் வேறாக வைத்திருக்கிறது.

ஒருமுறை பின் இலக்கம் அழுத்திய பின் நிலை மாறுகிறது. திரை மறுபடி பூட்டியிருந்தாலும் திறப்பு போனின் தற்காலிக நினைவகத்தில் இருந்துகொண்டிருக்கும். அப்படி இருப்பதால்தான் வட்ஸ்அப் செய்திகள் பூட்டிய நிலையிலும் வந்து சேர்கின்றன. சாதாரணமாகப் போனைக் கண்டெடுப்பவரால் இதைப் பயன்படுத்த முடியாது. ஆயினும் விசாரணைகளில் பயன்படும் விசேட கருவிகள் பெரும்பாலும் இந்த நிலையில் உள்ள போன்களையே குறிவைக்கின்றன. போனின் மென்பொருள் இற்றைப்படுத்தப்படாமல் பழையதாக இருந்தால் அபாயம் இன்னும் கூடும்.

மூன்றாவது நிலை, திரை திறந்திருக்கும்போதே போன் பறிக்கப்படுவது. அப்போது மறைகுறியாக்கம் எந்த உதவியும் செய்யாது. திறப்பு பூட்டிலேயே இருக்கிறது. குறிப்புகளை வைத்திருக்கும் செயலிக்கென்று தனியான கடவுச்சொல் இருந்தால் மட்டுமே அது காக்கும். ஐபோனின் “Notes” செயலியிலும் சாம்சங் போன்களின் “Secure Folder” என்ற பகுதியிலும் இந்த வசதி உண்டு. திரை தானாகப் பூட்டிக்கொள்ளும் நேரத்தை 30 செக்கனுக்குக் குறைத்து வைப்பதும் இதற்காகவே.

காவலுக்கு வெளியே இருப்பவை

போனின் உள் நினைவகம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதனோடு சேர்ந்து தொலையும் இரண்டு சிறிய பொருட்கள் இந்தக் காவலுக்கு வெளியே நிற்கின்றன.

ஒன்று மெமரி கார்ட். சாதாரணமாகப் போடப்படும் மெமரி கார்ட் மறைகுறியாக்கப்படுவதில்லை. நகத்தால் அழுத்திக் கழற்றி எந்தக் கணினியிலும் வாசிக்கலாம். இடம் போதாதென்று கமெராவின் படங்கள் கார்டில் சேமிக்கப்படும்படி பலர் அமைத்திருப்பார்கள். கிளினிக் கொப்பியையும் பரிசோதனை அறிக்கையையும் படம் பிடித்தால் அவையும் அங்கேதான் போகும். அவற்றில் பெயர், வயது, சில வேளைகளில் முகவரிகூட இருக்கும்.

மற்றையது சிம் அட்டை. போனைத் திறக்க முடியாதவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால், எமது இலக்கத்துக்கு வரும் குறுஞ்செய்திகள் அவருக்குப் போகும். மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான ஒருமுறை இலக்கமும் குறுஞ்செய்தியாகவே வரும் அல்லவா? அதனால் சிம்முக்கும் தனியாக ஒரு பின் இலக்கம் வைக்கலாம். அதை அமைக்குமுன் சிம்மோடு வந்த அட்டையில் உள்ள பழைய பின் இலக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று முறை பிழைத்தால் சிம் பூட்டிக்கொள்ளும். பிறகு அதே அட்டையில் உள்ள பியூகே இலக்கம் தேவைப்படும். அதையும் பத்து முறை பிழைத்தால் சிம் நிரந்தரமாகப் பயனற்றுப் போகும்.

ராத்தாவின் போன் தொலைந்த நாள்

ராத்தா ஒவ்வொரு முறை சீனி பார்க்கும்போதும் போனில் ஒரு வரி எழுதுவார். “காலை 6.10, சீனி 142, இன்சுலின் 8 அலகு, இடியப்பம் 5” என்பது போல் அந்த வரி இருக்கும். கை நடுங்கியது, வியர்த்தது என்றால் அதையும் எழுதுவார். நோன்பு காலத்தில் இன்சுலினை எப்படிக் குறைப்பது, எந்த அளவுக்குக் கீழே போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதையெல்லாம் டொக்டர் இந்த வரிகளைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்.

ரமழானுக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை மாலை அவருடைய அன்ட்ரொய்ட் போன் பஸ்ஸில் தவறியது. வீட்டுக்கு வந்த பின்புதான் தெரிந்தது. முதலில் அழைத்தபோது மணி அடித்தது. இரண்டாவது முறை போன் அணைக்கப்பட்டிருந்தது.

உம்மாவின் போனிலிருந்து `android.com/find` என்ற முகவரிக்குப் போய் ராத்தாவின் கூகுள் கணக்குக்குள் நுழைய முயன்றோம். கடவுச்சொல்லை ஏற்ற பின், இரண்டாம் கட்டமாக ஓர் இலக்கம் கேட்டது. அது தொலைந்த போனுக்குத்தான் போகும். பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கூகுள் கணக்கில் முன்கூட்டியே கேட்டு வைத்தால் எட்டு இலக்கம் கொண்ட பத்து மாற்று இலக்கங்கள் தருவார்கள். ஒவ்வொன்றையும் ஒரு தடவை மட்டுமே பயன்படுத்தலாம். ராத்தா அவற்றைத் தாளில் எழுதி அடையாள அட்டைப் பிரதியோடு வைத்திருந்தார். அதில் ஒன்றைக் கொடுத்து உள்ளே போனோம்.

அங்கே பூட்டுதல், அழித்தல் என்று இரு வழிகள் இருந்தன. முதலில் பூட்டும் கட்டளையைக் கொடுத்து, திரையில் வாப்பாவின் இலக்கம் தெரியும்படி செய்தோம். உடனே அழிக்காததற்குக் காரணம் உண்டு. அழித்துவிட்டால் போன் எங்கே இருக்கிறது என்பதை அதன் பின் பார்க்க முடியாது. அடுத்ததாகத் தொலைபேசி நிறுவனத்துக்கு அழைத்துச் சிம்மை முடக்கினோம். மறுநாள் காலை, போன் வாங்கிய பெட்டியில் இருந்த ஐஎம்ஈஐ இலக்கத்தோடு வாப்பா பொலிஸில் முறைப்பாடு செய்தார். பெட்டி இல்லாதவர்கள் போன் கையில் இருக்கும்போதே `*#06#` என்று அழுத்தி அந்த இலக்கத்தைப் பார்த்து எழுதி வைக்கலாம். அன்று இரவு வரை போன் இணையத்துக்கு வராததால் அழிக்கும் கட்டளையையும் கொடுத்தோம். போன் இணையத்தோடு இணையும்போதுதான் அந்தக் கட்டளை அதைச் சென்றடையும். அதுவரை காத்துக்கொண்டிருக்கும்.

போன் திரும்பக் கிடைக்கவில்லை. என்ன பறிபோனது, என்ன பறிபோகவில்லை என்று பின்னர் நானும் ராத்தாவும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். குறிப்புகள் உள் நினைவகத்தில் இருந்தன. ஆறு இலக்கப் பூட்டும் இருந்தது. போன் அணைக்கப்பட்டும் விட்டது. ஆகவே அவற்றை எடுத்தவர் வாசிக்க வழியில்லை. விற்பதற்காகப் போனை முழுமையாக மீளமைத்தாலும் பழைய திறப்பு அழிந்து குறிப்புகள் நிரந்தரக் குப்பையாகிவிடும். ஆனால் மெமரி கார்டில் இரண்டு பரிசோதனை அறிக்கைகளின் படங்கள் இருந்தன. அழிக்கும் கட்டளை கழற்றிய கார்டை எட்டாது. ராத்தாவுக்கு நெஞ்சில் இன்றும் இருக்கும் உறுத்தல் அந்த இரண்டு படங்கள்தான்.

இனி இரண்டாவது கேள்வி. குறிப்புகள் எமக்கு மீண்டும் கிடைத்தனவா? பென் ட்ரைவில் எடுத்து வைத்த கடைசிப் பிரதி 19 நாட்களுக்கு முந்தியது. அந்த 19 நாட்களின் சீனி அளவுகள் குளுக்கோமீற்றரின் நினைவகத்தில் திகதி, நேரத்தோடு இருந்தன. அவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டோம். ஆனால் எத்தனை அலகு இன்சுலின், என்ன சாப்பாடு, எப்போது நடுங்கியது என்பவை எந்தக் கருவியிலும் இல்லை. கிளினிக்கில் டொக்டர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, “சீனி குறைஞ்ச நாள் தெரியுது மகள், ஏன் குறைஞ்சதெண்டு தெரியல்லையே” என்றார். இன்னும் ஒரு வாரம் முழுமையாக எழுதிக்கொண்டு வரும்படி சொல்லி, நோன்பு பற்றிய முடிவை ஒத்திவைத்தார்.

பின் இலக்கம் எமக்குத் தெரியும், கூகுள் கணக்கும் கைவசம் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்த வரிகளை மீட்க முடியாதது ஏன்? திறப்பின் ஒரு பாதி அந்தப் போனுக்குள்ளேயே இருந்தது. திருடனைத் தடுத்த அதே காரணம்தான் எம்மையும் தடுத்தது.

பிரதி எடுப்பது எப்படி?

எனவே போனுக்கு வெளியே ஒரு பிரதி கட்டாயம் தேவை. அந்தப் பிரதியும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பென் ட்ரைவ் தொலைந்தால் அதே கதைதான். இதற்கு இலவசமாகக் கிடைக்கும் செவன்-சிப் என்ற மென்பொருளை நாங்கள் பயன்படுத்துகிறோம். குறிப்புகளைப் போனிலிருந்து ஒரு கோப்பாகக் கணினிக்கு எடுத்து, பின்வரும் கட்டளையைக் கொடுக்கலாம்.

```
7z a -p -mhe=on kurippu.7z kurippu.txt
```

`-p` என்பது கடவுச்சொல்லைக் கேட்கச் சொல்கிறது. `-mhe=on` என்பது உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களையும் மறைக்கச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் உள்ளடக்கம் மறைந்தாலும் பெயர்கள் வெளியே தெரியும். “இன்சுலின் கணக்கு” என்ற பெயரே ஒருவருடைய நோயைச் சொல்லிவிடுமே. கட்டளை எழுத விரும்பாதவர்கள் அதே மென்பொருளின் சாளரத்தில் கடவுச்சொல்லை இட்டு “Encrypt file names” என்பதைத் தெரிவு செய்யலாம். முடிந்ததும் கணினியில் மிஞ்சியுள்ள சாதாரணக் கோப்பை அழித்துவிட வேண்டும்.

இந்தக் கோப்புக்குப் போனின் ஆறு இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைக்கக்கூடாது. போனில் பிழைகளை எண்ணும் காவலாளி இருந்தார். இந்தக் கோப்புக்கு அப்படி யாருமில்லை. எடுத்தவர் அதைப் பல பிரதிகளாக்கி, வேகமான கணினிகளில் இரவு பகலாக முயலலாம். ஒரு செக்கனுக்குப் பத்து இலட்சம் முயற்சி செய்யும் கணினி என்று வைத்துக்கொண்டால் ஆறு இலக்கங்கள் ஒரே செக்கனில் முடிந்துவிடும். மாறாக, 2,000 சொற்கள் உள்ள ஒரு பட்டியலிலிருந்து கண்ணை மூடித் தொட்டெடுத்த ஐந்து சொற்களை வைத்தால் 32,000,000,000,000,000 சேர்க்கைகள் வரும். அதே கணினி எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஏறக்குறைய ஆயிரம் வருடங்கள் செல்லும். சொற்களை நாமே யோசித்துத் தெரிவு செய்தால் இந்தக் கணக்குப் பொருந்தாது. எமக்குப் பிடித்த சொற்களை எம்மை அறிந்தவர்கள் ஊகிப்பார்கள்.

அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அல்லாமல் ஆங்கில எழுத்தில் தட்டுவது நல்லது. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு தனிக்குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மென்பொருளுக்கோ அவை வேறு வேறு கடவுச்சொற்கள். ஒரு விசைப்பலகையில் பூட்டியது மற்றதில் திறக்காமல் போகலாம்.

ஐந்து சொற்களையும் தாளில் எழுதி, வீட்டில் ஆவணங்கள் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். பென் ட்ரைவோடு சேர்த்து வைக்கக்கூடாது. போனிலும் எழுதக்கூடாது. பிறகு வேறொரு கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து, கடைசி வரியின் திகதியை வாசித்துப் பாருங்கள். திறக்கிறதா, எத்தனை நாட்களுக்கு முந்தியது என்ற இரண்டும் அப்போதே தெரிந்துவிடும். ராத்தா இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிரதி எடுக்கிறார். இனிப் போன் தொலைந்தாலும் ஏழு நாட்களுக்கு மேல் இழப்பு இராது. மெமரி கார்டில் படம் சேமிப்பதையும் நிறுத்திவிட்டார்.

எதைப் பூட்டாமல் விட வேண்டும்?

எல்லாவற்றையும் பூட்டுவதும் சரியல்ல. இன்சுலின் எடுக்கும் ஒருவர் சீனி குறைந்து பாதையில் மயங்கி விழுந்தால், உதவிக்கு வருபவருக்கு அவருடைய போன் ஒரு கற்பலகைதான். மறைகுறியாக்கத்துக்குத் திருடனையும் உதவ வந்தவரையும் பிரித்தறியத் தெரியாது.

இதற்காகவே பூட்டிய திரையிலும் பார்க்கக்கூடிய அவசரத் தகவல் பகுதியொன்று போன்களில் இருக்கிறது. ஐபோனில் அதன் பெயர் “Medical ID”. அன்ட்ரொய்டில் பெரும்பாலும் “Emergency information” என்று இருக்கும். அங்கே எழுதுவதை எவரும் வாசிக்கலாம் என்பதை அறிந்துகொண்டே எழுத வேண்டும். உயிரைக் காக்க ஓர் அந்நியர் தெரிந்திருக்க வேண்டியது எது, தெரியத் தேவையில்லாதது எது என்று நோயாளியும் வீட்டாரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். ராத்தா அங்கே மூன்று விடயங்களை மட்டும் எழுதியிருக்கிறார்: முதலாம் வகை நீரிழிவு என்பது, இன்சுலின் எடுக்கிறார் என்பது, வாப்பாவின் தொலைபேசி இலக்கம். மற்றவை எல்லாம் பூட்டுக்குள் இருக்கின்றன. அவற்றின் பிரதி அலமாரியில் இருக்கிறது. அதற்கான ஐந்து சொற்கள் வேறொரு லாச்சியில், ஒரு தாளில் இருக்கின்றன.